கூட்டுவது ஏன், கழிப்பது ஏன்? – 3, 11, 7 வகுபடும் விதிகள்

ஓர் எண் 3-ஆல் வகுபடுமா என்று அறிய இலக்கங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது ஆறாம் வகுப்பு மாணவர்களுக்குத் தெரியும். ஆனால், "ஏன் கூட்டுகிறோம்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். காரணத்தை விளக்க நான் கையில் எடுப்பது, ஒன்றாம் வகுப்பில் இட மதிப்புக்காக வைத்திருக்கும் குச்சிக் கட்டுகளைத்தான்.

572 குச்சிகளை 3 பேருக்குச் சமமாகப் பங்கிடுவோம். நம்மிடம் 5 நூறுகட்டுகள், 7 பத்துக்கட்டுகள், 2 உதிரிக் குச்சிகள் உள்ளன. ஒரு பத்துக்கட்டைப் பிரித்தால் ஆளுக்கு 3 போக ஒரு குச்சி மிஞ்சும். நூறுகட்டைப் பிரித்தால் ஆளுக்கு 33 போக அதிலும் ஒன்றுதான் மிஞ்சும். 9, 99, 999 எல்லாம் 3-இன் மடங்குகள் என்பதால், எவ்வளவு பெரிய கட்டானாலும் மிச்சம் ஒன்றே. ஆகவே நூறுகட்டுகளிலிருந்து 5, பத்துக்கட்டுகளிலிருந்து 7, உதிரி 2 என மேசையில் 14 குச்சிகள் கிடக்கும். இதுதான் இலக்கங்களின் கூடுதல். இந்த 14-ஐப் பங்கிட்டால் 2 மிஞ்சும். 572-ஐ 3-ஆல் வகுத்தாலும் மீதி 2 தான். அதாவது, இந்த விதி வகுபடுமா என்பதோடு மீதியையும் சொல்லிவிடுகிறது.

இப்போது 11 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கட்டைப் பிரித்தால் ஆளுக்கு ஒன்று கொடுக்க ஒரு குச்சி குறைகிறது. கடன் வாங்க வேண்டும். நூறில் ஆளுக்கு 9 போக ஒன்று மிஞ்சும். ஆயிரத்தில் மீண்டும் ஒன்று குறையும், ஏனெனில் 11 × 91 = 1001. இப்படி மிச்சமும் கடனும் மாறி மாறி வருவதால்தான் இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழிக்கிறோம். 2738-ஐப் பார்ப்போம். உதிரி 8, நூறுகளில் மிச்சம் 7. பத்துகளுக்குக் கடன் 3, ஆயிரங்களுக்குக் கடன் 2. 8 + 7 – 3 – 2 = 10. மீதி 10.

இங்கே மாணவர்கள் இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். வித்தியாசம் 0 வந்தால் மட்டுமே வகுபடும் என்று நினைத்து, 7194-ஐ ஒதுக்கிவிடுவார்கள். அதில் 4 + 1 = 5, 9 + 7 = 16, வித்தியாசம் 11; எண் வகுபடும். மற்றொன்று, இடப்பக்கத்திலிருந்து தொடங்குவது. வகுபடுமா என்று மட்டும் பார்க்க அது போதும். ஆனால் 2738-ஐ இடமிருந்து 2 – 7 + 3 – 8 என்று எடுத்தால் –10 வரும்; 11-ஐக் கூட்டி மீதி 1 என்பார்கள். அது தவறு. கடன் எது, மிச்சம் எது என்பதை ஒன்றாம் இடத்திலிருந்துதான் எண்ண வேண்டும்.

7 பேர் என்றால் இந்த ஒழுங்கு இல்லை. பத்தில் 3, நூறில் 2, ஆயிரத்தில் 6 என்று மிச்சம் இடத்துக்கு இடம் மாறுகிறது. அதனால்தான் 7-க்கு எளிய கூட்டல் விதி கிடையாது. வேறு வழி தேட வேண்டியிருக்கிறது. கடைசி இலக்கத்தை நீக்கி, அதன் இரு மடங்கை மீதமுள்ள எண்ணிலிருந்து கழிப்பது அந்த வழி. 4529-இல் 452 – 18 = 434. மறுபடியும் 43 – 8 = 35. இது 7-இன் மடங்கு. ஆகவே 4529-உம் வகுபடும்.

இதன் காரணத்துக்குச் சிறிது இயற்கணிதம் தேவை. எண்ணை 10a + b என்று எழுதுவோம். நமக்குக் கிடைப்பது a – 2b. அதைப் பத்தால் பெருக்கினால் 10a – 20b. இதற்கும் முதல் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 21b. அது எப்போதும் 7-இன் மடங்கு. எனவே இரண்டில் ஒன்று 7-ஆல் வகுபட்டால் மற்றதும் வகுபடும். பத்தால் பெருக்கியதால் புதிதாக வகுபடும் தன்மை வந்துவிடாதா என்று ஒரு நல்ல மாணவர் கேட்கக்கூடும். 10-க்கும் 7-க்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை, ஆகவே வராது. "இரு மடங்கு" எங்கிருந்து வந்தது என்பதற்கும் 21 தான் விடை.

ஆனால் இந்த விதி மீதியைக் காப்பதில்லை. 31-க்கு 3 – 2 = 1 வரும்; 31-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. முந்தைய இரு விதிகளில் பழகியவர்கள் இங்கே 1 என்றே எழுதுவார்கள். ஆறு இலக்க எண் வந்தால் இந்த முறை நேரடி வகுத்தலை விட வேகமானதும் அல்ல. அப்போது 1001 = 7 × 11 × 13 என்பது உதவும். ஆயிரத்தில் ஒன்று குறைவதால், எண்ணை மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்துக் கழித்தால் போதும். 368,543-க்கு 543 – 368 = 175 = 7 × 25. எண் 7-ஆல் வகுபடும். 175 என்பது 11-இன் மடங்கு அல்ல, 13-இன் மடங்கும் அல்ல என்பதால் அவ்விரண்டாலும் வகுபடாது.