ரப்பர் ஷீட்டுக்கு பிளாக்செயின்... யாருக்குத் தேவை, எதற்குத் தேவையில்லை?

‘குலசேகரம் பக்கத்தில் இரண்டு ஏக்கரில் ரப்பர் வைத்திருக்கிறேன். வழக்கமாக ஷீட் வாங்கும் வியாபாரி, தோட்டத்தின் லொக்கேஷனைக் கேட்கிறார். “இனி எல்லாம் பிளாக்செயின்தான், யாரும் ஏமாற்ற முடியாது” என்கிறார். கொடுக்கலாமா? அப்படி ஏமாற்றவே முடியாதா?’ என்று கன்னியாகுமரி மாவட்ட வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

லொக்கேஷனைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால், ‘ஏமாற்றவே முடியாது’ என்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொள்ள, ஷீட் போகும் வழியோடு நாமும் போய்ப் பார்க்கலாம்.

குமரியிலிருந்து ஒரகடம் வரை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி என்றாலே கார் தொழிற்சாலைகள்தான் நினைவுக்கு வரும். அங்கே டயர் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. ஒரகடத்தில் அப்போலோ டயர்ஸ், ஸ்ரீபெரும்புதூர் அருகே கண்ணன்தாங்கலில் சியட். டயர் ஏற்றுமதியில் ஐரோப்பா முக்கியமான சந்தை. அங்கே 2023-ல் ஒரு சட்டம் வந்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த ரப்பர், காபி, கோகோ போன்றவற்றையும், அவற்றில் செய்த பொருள்களையும் அங்கே விற்க முடியாது. டயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு முறை தள்ளிப்போன இந்தச் சட்டம், பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 முதல் அமலாகும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது.

இதற்காகத்தான் லொக்கேஷன் கேட்கிறார்கள். நான்கு ஹெக்டேர் வரையுள்ள தோட்டத்துக்கு ஒரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை போதும். அதற்கு மேல் என்றால், எல்லையைச் சுற்றிக் குறிக்க வேண்டும்.

எந்த இடத்தில் அறுந்துபோகிறது?

டயர் தொழிற்சாலைக்குள் தடம் அறுவதில்லை. ஒவ்வொரு டயரிலும் பார்கோடு ஒட்டுகிறார்கள். அதை வைத்து, எந்த அச்சில் வெந்தது, எந்தக் கலவையில் செய்தது, அந்தக் கலவைக்குள் எந்த லாட் ரப்பர் போனது என்று பின்னோக்கிப் போகலாம். இது முழுக்க ஒரே நிறுவனத்தின் சாதாரண டேட்டாபேஸ். எழுதுவதும் அவர்கள், படிப்பதும் அவர்கள், தவறு வந்தால் நஷ்டப்படுவதும் அவர்கள். இங்கே பிளாக்செயினுக்கு வேலையே இல்லை.

தடம் அறுவது வியாபாரியின் கிடங்கில்தான். ஓர் உதாரணம் பார்ப்போம். ஐம்பது விவசாயிகளின் ஷீட் ஒரே அட்டியில் அடுக்கப்பட்டு, 10 டன் லோடாகக் கிளம்புகிறது. 48 பேருக்கு லொக்கேஷன் இருக்கிறது. இரண்டு பேருடைய 200 கிலோவுக்கு இல்லை. இடம் தெரிந்ததையும் தெரியாததையும் கலந்துவிட்டு, ‘9,800 கிலோ சரியான சரக்கு’ என்று கணக்குக் காட்ட அந்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. கலந்த பிறகு பிரிக்க முடியாது என்பதால், 10 டன்னும் ஐரோப்பா போகும் டயருக்கு உதவாது.

இதற்கு மருந்து எந்த மென்பொருளிலும் இல்லை. லொக்கேஷன் இல்லாத ஷீட்டைத் தனி அட்டியில் அடுக்கி, தனி அட்டை மாட்டுவதுதான் மருந்து. கிடங்கில் கலந்துவிட்டு, ‘தனியாக வைத்தேன்’ என்று பதிந்தால், பிளாக்செயின் அந்தப் பொய்யையும் அழியாமல் காப்பாற்றும்.

அப்படியானால் பிளாக்செயின் எதற்கு?

பழைய கணக்குப் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் மொத்தத்தையும் அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிக்கொண்டே போவோம். பத்தாம் பக்கத்தில் ஒரு தொகையை மாற்றினால், அதற்குப் பிறகு எந்தப் பக்கமும் ஒத்துப்போகாது. பிளாக்செயினும் இப்படித்தான். முந்தைய பதிவுகளின் முத்திரை எண் அடுத்த பதிவில் ஏறிக்கொண்டே போகும். ஆனால், பேரேடு ஒருவர் கையில் மட்டும் இருந்தால், மொத்தத்தையும் புதிதாக எழுதிவிடலாமே? அதனால்தான் வியாபாரி, பதப்படுத்தும் ஆலை, டயர் நிறுவனம், வெளிநாட்டு இறக்குமதியாளர் என எல்லோரிடமும் ஒவ்வொரு நகல் இருக்கும்.

இதன் பலன் ஒரு தகராறு வரும்போது தெரியும். மார்ச் மாதம் அனுப்பிய லாட்டில் சந்தேகம் வருகிறது. ஜூன் மாதம் வியாபாரி தன் கம்ப்யூட்டரில் ஒரு தோட்டத்தின் பெயரை எடுத்துவிட்டு, வேறு தோட்டத்தின் பெயரைப் போடுகிறார். கணக்கு அவரிடம் மட்டும் இருந்தால், யாருக்கும் தெரியாது. நான்கு பேரிடம் நகல் இருந்தால், உடனே தெரிந்துவிடும். எழுதியதைப் பின்னால் சத்தமில்லாமல் மாற்ற முடியாது என்பதுதான் பிளாக்செயின் கூடுதலாகத் தருவது. ஒருவரையொருவர் நம்பாத பலர், பொதுவான ஆள் ஒருவரும் இல்லாமல் கணக்கு வைக்கும்போது அதற்கு மதிப்பு உண்டு.

எல்லோரும் ஏற்கும் பொது ஆள் இருந்தால், சாதாரண டேட்டாபேஸே போதும். ஐரோப்பியச் சட்டம் பிளாக்செயினைக் கேட்கவில்லை. இறக்குமதியாளர்கள் உறுதிமொழியைப் பதிவதும், ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் ஒரே மையக் கணினிப் பதிவேட்டில்தான்.

திராட்சை சொன்ன பாடம்

நம் நாட்டிலேயே இதற்கு முன்னோடி உண்டு. வேளாண் ஏற்றுமதி அமைப்பான ‘அபேடா’, ஐரோப்பாவுக்குப் போகும் திராட்சைக்காக 2006-ல் ‘கிரேப்நெட்’ தொடங்கியது. தோட்டப் பதிவு, எச்சப் பரிசோதனை முடிவு, பேக்கிங் கூடம், ஏற்றுமதியாளர் எல்லாம் ஒரே டேட்டாபேஸில். பெட்டியிலிருந்து தோட்டம் வரை போக முடிந்தது.

அப்படியிருந்தும், 2010-ல் குளோர்மெக்குவாட் என்ற வளர்ச்சி ஒழுங்குபடுத்தியின் எச்சம் இருப்பதாக ஐரோப்பாவில் திராட்சை தடுக்கப்பட்டது. காரணம், பரிசோதிக்க வேண்டிய பட்டியலில் அந்த மருந்து இல்லை. பார்க்காத ஒன்றை எந்தப் பதிவேடும் காட்டாது. அன்று பிளாக்செயின் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

இன்னொரு பக்கம், மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து நடத்திய ‘டிரேட்லென்ஸ்’ என்ற பிளாக்செயின் திட்டத்தை மூடுவதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். கப்பல் துறை முழுவதும் எதிர்பார்த்த அளவுக்கு ஒன்றுசேரவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். பலர் சேர்ந்தால்தான் பலன் என்ற திட்டத்தில், பலர் சேராவிட்டால் எதுவும் மிஞ்சாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

லொக்கேஷன் கொடுக்கும்போது, தோட்டத்துக்குள் நின்று குறிக்கச் சொல்லுங்கள். வீட்டு வாசலிலோ, கடையிலோ குறித்தால், உங்கள் ரப்பர் வேறு இடத்தில் விளைந்ததாகப் பதிவாகிவிடும்.

ஒவ்வொரு முறை ஷீட் போடும்போதும் தேதி, எடை, தரம் எழுதிய ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வருடக் கடைசியில், ‘என் பெயரில் மொத்தம் எத்தனை கிலோ பதிவாகியிருக்கிறது?’ என்று கேட்டு ஒப்பிடுங்கள். நம் நாட்டில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் ரப்பர் கிடைக்கிறது. அந்தக் கணக்கில் இரண்டு ஏக்கருக்கு 1,200 கிலோ வரும். உங்கள் பெயரில் 3,000 கிலோ இருந்தால், லொக்கேஷன் இல்லாத யாருடைய சரக்கோ உங்கள் தோட்டத்தின் பெயரில் போயிருக்கிறது என்று பொருள். நாளை விசாரணை வந்தால், உங்கள் தோட்டத்தைத்தான் தேடி வருவார்கள். இந்தக் கூட்டல் கழித்தலுக்கு எந்த டேட்டாபேஸும் போதும். நோட்டுப் புத்தகமும் போதும்.

எனவே வியாபாரியிடம், ‘பிளாக்செயினா?’ என்று கேட்பதைவிட, ‘என் பெயரில் பதிந்ததை நான் பார்க்க முடியுமா? எடை தவறாகப் பதிவானால் யார் திருத்துவார்கள்? நகல் யார் யாரிடம் இருக்கும்?’ என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால், பதிவேட்டின் பெயர் எதுவாக இருந்தாலும் சேரலாம். கிடைக்காவிட்டால், ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, ரப்பர் வாரியத்தின் வட்டார அலுவலகத்தில் விசாரித்த பிறகு முடிவெடுங்கள்.