பதின்மூன்று சீட்டு, சராசரியாக ஒரு பொருத்தம்

பிரெஞ்சுக் கணிதர் மோன்மோர், 1708இல் வெளியிட்ட நூலில் ‘ட்ரெஸ்’ என்ற சீட்டாட்டத்தை ஆராய்ந்தார். அதன் எளிய வடிவில், 1 முதல் 13 வரை எண்ணிட்ட சீட்டுகளைக் கலைத்து, “ஒன்று, இரண்டு” என்று சொல்லியபடியே ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். சொன்ன எண்ணே வந்தால் அது பொருத்தம். கணிதத்தில் அதன் பெயர் நிலைப்புள்ளி.

சராசரியாக எத்தனை பொருந்தும்?

13 சீட்டுகளை அடுக்க 622 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. அவற்றையெல்லாம் எண்ண வேண்டியதில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சுட்டு மாறி வைத்தால் போதும்: பொருந்தினால் 1, இல்லையேல் 0. ஐந்தாம் இடத்தில் 5 வரும் வாய்ப்பு 1/13. அந்த மாறியின் சராசரியும் அதுவே. பதின்மூன்று இடங்களையும் கூட்டினால் 1. சீட்டு 52 ஆனாலும் விடை மாறாது.

இடங்கள் ஒன்றையொன்று சார்ந்தவைதான்: 12 பொருந்திவிட்டால் 13ஆவதும் பொருந்தியே தீரும். ஆனாலும் கணக்கு பிசகாது. தொகையின் சராசரி, சராசரிகளின் தொகைக்குச் சமம் என்ற விதிக்குச் சார்பின்மை தேவையில்லை. மூன்றே சீட்டில் சரிபார்க்கலாம்: ஆறு அடுக்குகளில் பொருத்தங்கள் 3, 1, 1, 1, 0, 0. மொத்தம் 6, சராசரி 1.

அதற்காக ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒன்று பொருந்தும் என்றாகாது. 13 சீட்டில் எதுவுமே பொருந்தாமல் போகும் வாய்ப்பு சுமார் 37 சதவீதம்.