தோல் சொல்லும் கதை – 14: விடிந்தால் வீங்கும் கண்

காலபோக நெல் கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் அடம்பன் பக்கத்துக் கமக்காரருக்கு நித்திரை போய்விடும். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் வளர்ந்த பயிரைத் தேடி இரவில் பண்டி வரும். ஒரு மந்தை இறங்கினால் விடிவதற்குள் கால் ஏக்கரைக் கிளறிப் போட்டுவிடும். ஆகவே கொட்டிலில் காவல். நுளம்புக்குப் புகை, கண் சொருகாமல் இருக்கப் பிளேன்ரீ, இடைக்கிடை ரோர்ச் வெளிச்சமும் ஒரு கூச்சலும். விடியப்புறம் வயல் அடங்கிய பிறகு பாயில் சரிந்து இரண்டு மணி நேரம் கண் அயர்ந்தால் உண்டு.

அறுவடை வரைக்கும் இப்படிக் காவல் இருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். காலையில் பார்த்தால் இரண்டு கீழிமையும் உப்பியிருக்கும். கண்ணைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். "நித்திரை முழிப்புத்தான் தம்பி, வேற என்ன?" என்பார். அவருடைய மகள், பட்டணத்துப் பாமசியில் அப்பாவுக்கென்று ஒரு கிறீம் வாங்கி வந்து வைத்திருந்தாள். அந்தக் கிறீமைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த முகத்தில் தெரிவது ஒரு விஷயமல்ல, இரண்டு விஷயம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீக்கம் வேறு, கறுப்பு வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவதால்தான் இவ்வளவு கிறீம் விற்கிறது.

முதலில் வீக்கம். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல்தான். அரை மில்லிமீற்றர் அளவு. அதற்கு அடியில் இறுக்கமான இணைப்பு எதுவும் இல்லை. தளர்ந்த இழையம். இரத்தக் குழாயிலிருந்து கசியும் நீர் தங்குவதற்கு அதைப் போல் வசதியான இடம் முகத்தில் வேறில்லை. பகலில் நாம் நிமிர்ந்து நிற்கிறோம், நீர் கீழே இறங்குகிறது. ஓயாமல் இமைக்கிறோம், ஒவ்வொரு இமைப்பும் கண்ணைச் சுற்றியுள்ள தசையைச் சுருக்கி அந்த நீரைத் தள்ளிவிடுகிறது. படுத்தால் இரண்டும் நின்றுபோகும். நல்லாய் நித்திரை கொண்டவருக்கும் காலையில் கண் சற்று உப்பியிருப்பது அதனால்தான்.

நம்மவரின் கணக்கில் இன்னும் இரண்டு சேர்கின்றன. ஒன்று, உப்பு. கொட்டிலுக்குக் கட்டிக்கொண்டு போகும் சோற்றுக்குக் கருவாட்டுப் பொரியல்தான் துணை. இரவு உண்ட உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும். சிறுநீரகம் அதை முழுவதும் வெளியே அனுப்ப அடுத்த நாள் வரை செல்லும். மற்றது, படுக்கும் விதம். தலையணை இல்லாமல், ஒருபக்கமாய், முகம் பாயோடு அமரப் படுக்கிறார். அவரிடம் கேட்டுப் பார்த்தேன், வலப்பக்கம்தான் படுப்பாராம். வலது கண்தான் கூட உப்பியிருந்தது. பத்து மணியளவில் வயலுக்குள் இறங்கி வேலை செய்த பிறகு பார்த்தால் வீக்கம் பாதிக்கு மேல் வடிந்திருந்தது. நேரத்தோடு வடியும் வீக்கம் என்றால் அது தண்ணீர். மத்தியானமும் மாலையும் ஒரே அளவாய்த் தொங்கிக்கொண்டிருக்கும் பை என்றால், அது வயதோடு முன்னுக்குத் தள்ளி வந்த கொழுப்பு. அதற்கு நித்திரையும் மருந்தல்ல, கிறீமும் மருந்தல்ல.

தண்ணீருக்குச் செய்ய வேண்டியது சுருக்கமானது. இரவுச் சாப்பாட்டில் கருவாட்டைக் குறைத்து அதைப் பகலுக்கு மாற்றுவது, தலைமாட்டை உயர்த்துவது, எழும்பியதும் மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் மூடிய கண்ணில் வைப்பது. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், கசிவு குறையும். வெள்ளரித் துண்டு, உருளைக்கிழங்கு, தேயிலைப் பை என்று சொல்லப்படுவதில் எல்லாம் பெரும்பாலும் வேலை செய்வது அந்தக் குளிர்தான். வெள்ளரியைச் சாப்பிட்டுவிட்டுத் துணியை வைத்தாலும் பலன் அதேதான்.

இனிக் கறுப்பு. இதற்கு வெளிச்சமும் ஒரு கண்ணாடியும் ஒரு விரலும் போதும். பகல் வெளிச்சத்தில் ஜன்னலைப் பார்த்து நின்று, கீழிமைத் தோலை விரலால் மெதுவாகக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். மண்ணிறம் அப்படியே தோலோடு சேர்ந்து நகர்ந்தால், அது தோலுக்குள் இருக்கும் நிறமி. நீலம் கலந்த கருமை, இழுக்க இழுக்க இன்னும் தெளிவாகத் தெரிந்தால், மெல்லிய தோலுக்கு அடியில் ஓடும் இரத்தக் குழாய்களின் நிறம் அது. முகத்தை உயர்த்தி வெளிச்சத்தை நேராக வாங்கும்போது மறைந்தால், அது பள்ளத்தில் விழுந்த நிழல். பலருக்கு இவை கலந்தே இருக்கும். ஆனால் எது கூட என்று இந்தச் சோதனை காட்டிவிடும்.

அவருக்கு இழுத்துப் பார்த்தோம். மண்ணிறம் தோலோடு சேர்ந்தே நகர்ந்தது. பக்கத்தில் நின்ற மகளுக்கும் பார்த்தோம். எட்டு மணி நேரம் நித்திரை கொள்ளும் இருபது வயதுப் பிள்ளை, காவலுக்குப் போனதே இல்லை. அவளுக்கும் அதே இடத்தில் அதே மண்ணிறம், அளவு மட்டும் கொஞ்சம் குறைவு. அப்பாவின் வழியில் வந்த நிறம் அது. சிங்கப்பூரில் 200 பேரை வைத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பொருந்துகிறது: சீனரிடம் இரத்தக் குழாய் வகைதான் அதிகம், இந்தியரிடமும் மலாயரிடமும் பிறவியோடு வரும் நிறமி வகைதான் அதிகம். மன்னார்க் கரையில் கண்ணடிக் கறுப்பு என்று சொல்லப்படுவதில் பெரும் பங்கு இந்த வகைதான் என்பது என் எண்ணம். இதற்கு நித்திரையைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

அப்படியென்றால் முழிப்புக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது, ஆனால் சுற்றுவழியாக. கொட்டிலில் புகை கண்ணை எரிக்கும். நித்திரை வராமலிருக்கக் கண்ணைக் கசக்குவார்கள். அறுவடை நேரம் வெட்டு மெசினிலிருந்து பறக்கும் சுணை வேறு. ஆண்டாண்டாகக் கசக்கிய தோலில் அழற்சி வந்து வந்து ஆறும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிறமியை விட்டுச் செல்லும். மகளை விட அப்பாவுக்குக் கருமை கூட இருப்பதற்கு வயதோடும் வெயிலோடும் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். கசக்கும் கையை நிறுத்துவதுதான் இங்கே மருந்து.

முழித்த ஓர் இரவு முகத்தில் எதைக் காட்டுகிறது என்பதைச் சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரத்துக் கரோலின்ஸ்கா நிறுவனத்தினர் படம் எடுத்தே சோதித்தார்கள். 23 பேர். ஒரு முறை குறைந்தது எட்டு மணி நேரம் நித்திரை கொண்ட பிறகு, மறுமுறை ஐந்து மணி நேர நித்திரைக்குப் பின் 31 மணி நேரம் முழித்திருக்க வைத்த பிறகு, இரண்டு தடவையும் பிற்பகலில் பூச்சு எதுவும் இல்லாமல் படம். நித்திரைக் கணக்கு தெரியாத 65 பேரிடம் அந்தப் படங்களைக் கொடுத்து 100க்கு மதிப்பிடச் சொன்னார்கள். 2010இல் வெளிவந்த முடிவில், களைப்பு 44இலிருந்து 53க்கு ஏறியது, ஆரோக்கியத் தோற்றம் 68இலிருந்து 63க்கு இறங்கியது. அழகு? 40இலிருந்து 38. இரண்டு புள்ளி! கண்ணாடிக்கு முன் நின்று நாம் கவலைப்படும் அளவுக்குப் பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை.

அதே குழுவினர் 2013இல் பத்துப் பேரின் படங்களை அங்கம் அங்கமாக மதிப்பிட வைத்தார்கள். தொங்கிய இமை, சிவந்த கண், வீங்கிய கண், கூடிய கண்ணடிக் கருமை, வெளிறிய தோல் என்று பட்டியல் வந்தது. கருமையோடு வெளிறலும் வந்ததைக் கவனியுங்கள். ஒரே இரவில் புதிய நிறமி ஊறுவதில்லை. சுற்றியுள்ள முகம் வெளிறும்போது, ஏற்கெனவே இருக்கும் இருள் எடுப்பாகத் தெரிகிறது. இரத்தச்சோகை உள்ளவர்களுக்குக் கண்ணடி கூடுதலாய்க் கறுத்துத் தெரிவதற்கும் இந்த வெளிறல் ஒரு காரணம். இரண்டு நல்ல இரவுக்குப் பிறகு குறைகிற கருமை இதுதான், மற்றது குறையாது.

நித்திரை தோலுக்கு உண்மையில் செய்யும் வேலை கண்ணாடியில் அவ்வளவாகத் தெரிவதில்லை. தோலின் மேற்படலம் வயல் வரம்பு போல. உள்ளிருக்கும் ஈரத்தைக் கட்டி வைப்பது அதன் வேலை. ஆய்வுகூடத்தில் இதைச் சோதிக்க ஒட்டுநாடாவைத் தோலில் மீண்டும் மீண்டும் ஒட்டி உரித்து, அந்தப் படலத்தை வேண்டுமென்றே சிதைப்பார்கள். பிறகு எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று கருவியால் அளந்து, எவ்வளவு வேகமாய் அது திரும்பக் கட்டப்படுகிறது என்று பார்ப்பார்கள். 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பெண்களை இரவு முழுக்க முழிக்க வைத்தபோது அந்தத் திருத்தம் மந்தமானது. 2015இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 30 முதல் 49 வயதுடைய 60 பெண்களிடம் செய்த ஆய்வில், நல்ல நித்திரைக்காரருக்கு 72 மணி நேரத்தின் பின் அந்தத் திருத்தம் 30 வீதம் கூடுதலாக இருந்தது. வெயில் பட்டுச் சிவந்த தோலும் அவர்களுக்கு விரைவாய்த் தேறியது. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது எஸ்டீ லோடர் என்ற அழகுசாதன நிறுவனம் என்பதையும் சேர்த்தே வாசியுங்கள். முடிவு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நித்திரை கெட்டதால் தோல் கெட்டதா, அல்லது கவலையும் வேறு குறையும் இரண்டையும் சேர்த்துக் கெடுத்ததா என்று இந்த மாதிரி ஒப்பீட்டால் சொல்ல முடியாது.

இயல்பாகவே தோல் மாலையிலும் இரவிலும் பகலை விடக் கூடுதலாய் நீரை இழக்கிறது. சொறிவு இரவில் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். சோளகம் அடிக்கும் மாதங்களில் காலில் வெள்ளை படர்ந்து வெடிக்கும் நம் கரையில், முழித்திருப்பவரின் தோலுக்குத் திருத்த வேலையும் பின்தங்குகிறது. குளித்த ஈரம் காயுமுன் கைகாலில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு கொட்டிலுக்குப் போவது, பாமசிக் கிறீமை விட நல்ல முதலீடு. ஒரேயடியாய் நித்திரை கிடைக்காதவர், காவலை வீட்டில் இருவராய் மாறி மாறிப் பார்த்து, ஒருநாள் விட்டு ஒருநாளாவது முழு இரவு படுக்க வேண்டும்.

அந்தக் கிறீமை வாங்கிப் பார்த்தேன். பெட்டியில் மூலப்பொருள் எதுவும் எழுதப்படவில்லை. நிறம் வெளுக்க வைக்கும் கிறீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்ட் கலந்திருக்கும். அதைக் கண்ணோரம் மாதக்கணக்காய்ப் பூசினால் ஏற்கெனவே மெல்லிய தோல் இன்னும் மெலியும், அடியிலுள்ள குழாய்கள் இன்னும் தெரியும், கண்ணின் உள் அழுத்தம் ஏறவும் கூடும். மூலப்பொருள் எழுதாத எதையும் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்.

கடைசியாக, முழிப்பின் மேல் பழி போட்டுத் தவறவிடக் கூடாத ஒன்று. வீக்கம் மத்தியானமாகியும் வடியவில்லை, நல்லாய் நித்திரை கொண்ட நாளிலும் வருகிறது, கூடவே கணுக்கால் வீங்குகிறது அல்லது சிறுநீர் நுரைக்கிறது என்றால் அது சிறுநீரகத்தின் பேச்சாக இருக்கலாம். பக்கத்து வவுனியாவிலும் வடமத்திய மாகாணத்திலும் கமக்காரரைத் தாக்கும் சிறுநீரக நோய், வீக்கம் எதையும் காட்டாமலே நெடுநாள் வளரக்கூடியது. ஆகவே வீக்கம் இல்லாதவரும் கூட, வருடத்துக்கு ஒரு முறை இரத்த அழுத்தத்தைப் பார்த்து, சிறுநீரையும் இரத்தத்தில் கிரியற்றினின் அளவையும் சோதித்துக்கொள்ளுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை.