‘எச்.பி.எல்.சி. தெரியும்’ என்றால் போதாது

மருந்து நிறுவனங்கள் தரக் கட்டுப்பாட்டு வேதியியலாளரைத் தேடும்போது கருவி அனுபவத்தையும் ஜி.எம்.பி. விதிமுறைப் பழக்கத்தையும் சேர்த்தே கேட்கின்றன. வரும் விண்ணப்பங்களிலோ, ‘எச்.பி.எல்.சி., யு.வி., டிசல்யூஷன் கருவிகளில் அனுபவம்’ என்று ஒரு வரி; கடைசியில் ‘ஜி.எம்.பி. அறிவு உண்டு’ என்று இன்னொன்று. இரண்டும் தனித்தனியே நிற்பதுதான் குறை.

மூன்று வருடம் மாத்திரைகளைச் சோதித்த ஒருவர் அதையே இப்படி எழுதலாம்: ‘எச்.பி.எல்.சி.யில் மாத்திரையின் மருந்தளவைச் சோதித்தேன். ஒவ்வொரு முறையும் முதலில் ஸ்டாண்டர்டு கரைசலை ஐந்து முறை செலுத்தி, முடிவுகளின் விலகல் 2 சதவீதத்துக்குள் இருப்பதை உறுதி செய்தேன். முடிவு வரம்பை மீறியபோது மேலதிகாரியிடம் உடனே தெரிவித்து, ஓ.ஓ.எஸ். விசாரணைக்காகக் கரைசல்களை அப்படியே வைத்திருந்தேன்.’ இங்கே கருவியும் விதியும் ஒரே வேலையில் தெரிகின்றன.

ஓ.ஓ.எஸ். பற்றிய வரியைத்தான் நான் முதலில் தேடுவேன். காரணம் கண்டறியாமல், நல்ல முடிவு வரும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பதை அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஏற்பதில்லை. கரைசலைக் கொட்டிவிட்டால் தவறு சோதனையிலா, மாத்திரையிலா என்று கண்டுபிடிப்பது கடினம்.

விசாரணையில் உதவி மட்டும் செய்திருந்தால் ‘உதவினேன்’ என்றே எழுத வேண்டும். ‘முதலில் எதைச் சரிபார்த்தீர்கள்?’ என்று நேர்முகத்தில் கட்டாயம் கேட்பார்கள்.