நாவலுக்கு என்ன விலை வைக்கலாம்?

தமிழில் ஒரு நாவல் அச்சுக்குத் தயாராகும்போது, பின்னட்டையில் என்ன விலை போடுவது என்ற கேள்வி கடைசி நேரத்தில்தான் வரும். பெரும்பாலும் பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கும். இல்லையென்றால் அச்சுச் செலவை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆக்கி விலை போட்டுவிடுவார்கள். இந்த இரண்டு வழியிலும் ஒருவரை மறந்துவிடுகிறோம்: வாங்குகிற வாசகரை. செலவு என்பது கணக்கின் ஒரு பாதி மட்டுமே. விலை ஏற ஏற எத்தனை பேர் விலகிப்போவார்கள் என்பது மறுபாதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், லாபம் அதிகபட்சமாகும் விலையை ஒரு கூட்டலிலும் ஒரு வகுத்தலிலும் கண்டுபிடித்துவிடலாம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறு பதிப்பகம், கேட்கும்போது மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் 'பிரின்ட் ஆன் டிமாண்ட்' முறையில் ஒரு நாவலை நேரடியாக விற்கிறது. காகிதம், அச்சு, பைண்டிங், தபால் எல்லாம் சேர்த்து ஒரு பிரதிக்கு 100 ரூபாய் ஆகிறது. பத்தாவது பிரதிக்கும் அதே 100, நானூறாவது பிரதிக்கும் அதே 100. இன்னும் ஒரு பிரதி கூடுதலாகப் போட ஆகும் இந்தச் செலவைத்தான் பொருளியல் பாடநூல்கள் இறுதிநிலைச் செலவு என்கின்றன.

அடுத்தது வாசகர்கள். இதே வகை நாவல்களின் முந்தைய விற்பனையை வைத்துப் பார்த்தால், 200 ரூபாய் விலையில் ஆண்டுக்கு 600 பிரதிகள் போகும், 300 ரூபாயில் 400 பிரதிகள் போகும் என்று பதிப்பாளர் கணிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை 100 ரூபாய் ஏறியதில் 200 வாசகர்கள் குறைந்தார்கள், அதாவது ரூபாய்க்கு இரண்டு பேர். அதே வேகத்தில் கோட்டை நீட்டினால், 500 ரூபாயில் ஒருவரும் வாங்கமாட்டார்கள். இதுதான் தேவைக்கோடு. ஒருவரும் வாங்காத அந்த 500 ரூபாயை உச்சவிலை என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது விலையை மாற்றி மாற்றிப் பார்ப்போம். 200 ரூபாயில் 600 பிரதிகள்; ஒவ்வொன்றிலும் 100 ரூபாய் மிச்சம்; மொத்தம் 60,000. 250 ரூபாயில் 500 பிரதிகள், மிச்சம் 75,000. 300 ரூபாயில் 400 பிரதிகள், மிச்சம் 80,000. 350 ரூபாயில் 300 பிரதிகள்; மறுபடியும் 75,000. 400-க்குப் போனால் 60,000. ஏறிய கணக்கு 300-இல் உச்சிக்கு வந்து, ஏறிய அளவிலேயே இறங்குகிறது.

ஏன் 300-இல் நிற்கிறது? விலையை ஐந்து ரூபாய் குறைத்து 295 ஆக்கினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். புதிதாகப் பத்துப் பேர் வாங்குகிறார்கள். அவர்கள் தருவது 2,950 ரூபாய். ஆனால் 300 ரூபாய் கொடுத்தே வாங்கியிருக்கக்கூடிய 400 பேரும் இப்போது ஐந்து ரூபாய் குறைவாகத் தருகிறார்கள். அங்கே 2,000 ரூபாய் போய்விட்டது. ஆகவே கைக்குக் கூடுதலாக வந்தது 950 மட்டும். அந்தப் பத்துப் பிரதிகளை அச்சடிக்க ஆன செலவோ 1,000. ஐம்பது ரூபாய் நஷ்டம். அதற்கு முந்தைய படியில், அதாவது 305-இலிருந்து 300-க்கு இறங்கும்போது, கூடுதல் வருவாய் 1,050. செலவு அதே 1,000. அங்கே ஐம்பது ரூபாய் லாபம். கூடுதல் வருவாயும் கூடுதல் செலவும் சமமாகும் இடத்தில் விலை நின்றுவிடுகிறது.

ஒவ்வொரு படியாகச் சோதிக்காமலே இந்த இடத்தை எட்டலாம். தேவைக்கோடு நேர்கோடாகவும், பிரதிக்கான செலவு மாறாமலும் இருந்தால், லாபம் உச்சமாகும் விலை எப்போதும் உச்சவிலைக்கும் பிரதிச் செலவுக்கும் நட்ட நடுவில் இருக்கும்:

```
(500 + 100) / 2 = 300
```

விற்பனை அளவுக்கும் இதேபோல் ஒரு விதி உண்டு. புத்தகத்தை அடக்கவிலையான 100 ரூபாய்க்கே கொடுத்தால் 800 பேர் வாங்குவார்கள். லாபம் உச்சமாகும் அளவு அதில் சரிபாதி, 400.

இந்தக் கணக்கை முதலில் முறையாக எழுதியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் அந்துவான் அகுஸ்தேன் கூர்னோ. 1838-இல் வெளிவந்த தன் நூலில் அவர் ஒரு கனிம நீரூற்றின் சொந்தக்காரரை எடுத்துக்கொண்டார். வேறெங்கும் கிடைக்காத நீர். அதை எடுக்கச் செலவே இல்லை. செலவு இல்லாததால் வருவாய் எங்கே அதிகமோ லாபமும் அங்கேயே அதிகம். நேர்கோட்டில் அந்த இடம் உச்சவிலையின் சரிபாதி. செலவு என்று ஒன்று வந்ததும் விலை அந்தப் பாதியைத் தாண்டி மேலே நகர்கிறது.

நாவல் எழுதியவரின் நிலை அந்த நீரூற்றுக்காரரின் நிலைதான். விற்பனைத் தொகையில் பத்து சதவீதம் ராயல்டி என்றால், அச்சுச் செலவு அவரைத் தொடாது. அவருக்கு வேண்டியது மொத்த வருவாய் பெருகுவது மட்டுமே. 300 ரூபாயில் வருவாய் 1,20,000; ராயல்டி 12,000. 250 ரூபாயில் வருவாய் 1,25,000, ராயல்டி 12,500. ஆகவே எழுத்தாளருக்கு நல்ல விலை 250. பதிப்பாளரோ அந்த ராயல்டியையும் தன் கையிலிருந்து கொடுப்பதால் அவருக்கு நல்ல விலை 305-ஐத் தாண்டிவிடுகிறது. விலையைக் குறைக்கச் சொல்லும் எழுத்தாளரும் மறுக்கும் பதிப்பாளரும் அவரவர் கணக்கில் சரியாகவே இருக்கிறார்கள். ராயல்டியை விற்பனைத் தொகையின் மீது இல்லாமல் லாபத்தின் மீது பேசிக்கொண்டால் இருவருக்கும் ஒரே விலை நல்லதாகிவிடும்.

ராயல்டியைத் தள்ளிவைத்து, முதல் கணக்குக்கே திரும்புவோம். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. தட்டச்சு, மெய்ப்புத் திருத்தம், அட்டை வடிவமைப்பு என்று பதிப்பாளர் 30,000 ரூபாய் ஏற்கெனவே செலவழித்திருக்கிறார். அதை விலையில் சேர்க்க வேண்டாமா என்று தோன்றும். 400 பிரதிகளில் பங்கிட்டால் பிரதிக்கு 75. அடக்கம் 175 ஆகிறது. நடுப்புள்ளி 337 ரூபாய் 50 காசு. ஆனால் அந்த விலையில் போவது 325 பிரதிகள். அச்சுச் செலவு போக மிச்சம் 77,000 சொச்சம்தான். 300 ரூபாய் விலையைவிடக் கிட்டத்தட்ட 2,800 குறைவு. விற்பனை குறைந்ததும் அதே 30,000-ஐ இப்போது 325 பிரதிகளில் பங்கிட வேண்டும்; பிரதிக்கு 92 ஆகிவிடும்; அடுத்த பதிப்பில் விலை இன்னும் ஏறும். நல்ல புத்தகங்கள் பதிப்புக்குப் பதிப்பு விலை ஏறி, வாசகரை இழப்பதற்கு இப்படிப்பட்ட கணக்கும் ஒரு காரணமாக இருக்க முடியும். விலை 200 ஆனாலும் 400 ஆனாலும் அந்த 30,000 மாறப்போவதில்லை. ஆகவே விலை எவ்வளவு என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. புத்தகத்தைப் போடலாமா கூடாதா என்பதற்கு மட்டுமே சொல்லும்: 80,000 வரும், 30,000 போகும் என்றால் போடலாம்.

காகித விலை ஏறினால் கதை வேறு. அது ஒவ்வொரு பிரதியையும் தொடுகிறது. பிரதிச் செலவு 100-இலிருந்து 120 ஆனால் நடுப்புள்ளி 310. இருபது ரூபாய் ஏற்றத்தில் பாதிதான் வாசகர் தலையில். மறுபாதியைப் பதிப்பாளர் ஏற்பதே அவருக்கு நல்லது. 310-இல் மிச்சம் 72,200. முழுச் சுமையையும் வாசகர் மேல் ஏற்றி 320 ஆக்கினாலும், விலையைத் தொடாமல் 300-இலேயே வைத்தாலும் மிச்சம் 72,000. இந்த வித்தியாசம் வெறும் 200 ரூபாய் என்பதையும் கவனிக்க வேண்டும். லாபத்தின் உச்சி கூர்மையானதல்ல, தட்டையானது. பத்து ரூபாய் பிசகினால் இழப்பு 200, இருபது பிசகினால் 800, ஐம்பது பிசகினால் 5,000. பிசகு இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகிறது. ஆகவே விலையைப் பத்து ரூபாய் கூட்டுவதா குறைப்பதா என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. நூறு ரூபாய் தள்ளிப்போகாமல் இருப்பதுதான் முக்கியம்.

அப்படித் தள்ளிப்போவது பெரும்பாலும் தேவைக்கோட்டைத் தப்பாக வரைவதால் நேர்கிறது. பொங்கலையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடி வழக்கம். சாதாரண மாதத்தில் 300 ரூபாய்க்கு 30 பிரதிகள் போன நாவல், அந்த மாதம் 270 ரூபாய்க்கு 150 போயிற்று என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டால் ரூபாய்க்கு நான்கு வாசகர் என்று வரும். அந்தக் கோட்டின்படி 308 ரூபாய்க்கு ஒருவர்கூட வாங்கமாட்டார். சரியான விலை 204 ரூபாய். எட்டு ரூபாய் ஏறினால் வாசகர் முழுவதும் மறைந்துவிடுவார் என்று ஒரு கோடு சொன்னால், கோடுதான் தப்பு. கூடுதலாக வந்த 120 பேரில் பெரும்பங்கைக் கொண்டுவந்தது திருவிழாக் கூட்டம். முப்பது ரூபாய்த் தள்ளுபடி அல்ல. ஒப்பிடும் இரண்டு காலங்களிலும் விலையைத் தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

எல்லாப் புத்தகத்துக்கும் இந்த அளவு இடைவெளி கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். புது நாவலை ஒரே பதிப்பகம்தான் வெளியிடுகிறது. பாரதியார் கவிதைகளைப் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. பக்கத்து அரங்கில் அதே கவிதைகள் 150 ரூபாய்க்குக் கிடைத்தால், நம் பதிப்பின் உச்சவிலையும் அதற்கு வெகுதூரம் மேலே போகாது. நடுப்புள்ளியும் அடக்கவிலையை ஒட்டி இறங்கிவிடும்.

உச்சவிலையான 500-ஐ யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நீட்டிய கோட்டின் முனை அது. அதை நம்பத் தயக்கமாக இருந்தால், இப்போதைய விலையிலேயே ஒரு சோதனை செய்யலாம். விலையை ஒரு ரூபாய் கூட்டினால், வாங்குகிறவர்களிடமிருந்து ஆளுக்கொரு ரூபாய் கூடும். விலகுகிற ஒவ்வொருவரோடும் ஒரு பிரதியின் முழு மிச்சமும் போகும். 250 ரூபாயில் வருவது 500, போவது இரண்டு பேர் வீதம் 300, ஆகவே கூட்டலாம். 350-இல் வருவது 300, போவது 500. ஆகவே குறைக்க வேண்டும். 300-இல் வருவதும் 400, போவதும் 400. இந்தச் சோதனைக்குத் தேவை மூன்றே எண்கள்: இப்போது எத்தனை பிரதிகள் போகின்றன, ஒரு பிரதியில் எவ்வளவு மிஞ்சுகிறது, ஒரு ரூபாய்க்கு எத்தனை பேர் விலகுகிறார்கள். முதல் இரண்டும் பதிப்பகத்தின் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கின்றன. மூன்றாவதை அறிய, சாதாரண மாதங்களில் விலையைச் சற்று மாற்றிப் பார்த்து, ஒவ்வொரு விலையிலும் எத்தனை பிரதிகள் போயின என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.