பதினாறடிக் கடையும் அஞ்சடிப் பாதையும்: தேக்காவின் அளவுகள்

சிங்கப்பூருக்கு வரும் தமிழர்கள், அவர்கள் தோட்டத்திலிருந்து வந்தாலும் பட்டணத்திலிருந்து வந்தாலும், ஒரு தடவையாவது தேக்காவை எட்டிப் பார்க்காமல் ஊர் திரும்புவது அபூர்வம். "நம்ம ஊர் மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எதனால் அப்படி இருக்கிறது என்று கேட்டால் கோயில், மல்லிகைச் சரம், தோசைக்கல், புடவைக்கடை என்று பட்டியல் வரும். ஆனால் அதே மல்லிகையையும் அதே புடவையையும் குளிரூட்டிய பேரங்காடி ஒன்றுக்குள் கொண்டுபோய் வைத்தால் அந்த உணர்வு பாதிகூட வருவதில்லை. விற்கும் பொருளைத் தாண்டி வேறொன்று அங்கே வேலை செய்கிறது. கடையின் அகலம், தெருவின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகிய மூன்று அளவுகள்தான் அது.

இதைக் கண்ணால் பார்க்கச் சரியான இடம் பஃபலோ ரோடு. எருமைச் சந்தையின் நினைவாகப் பெயர் பெற்ற இந்தச் சிறிய சாலையில் ஒரு பக்கம் பழைய கடைவீடுகள். காய்கறி, பூ, மளிகை எல்லாம் வாசலுக்கு வெளியே வந்து நிற்கும். மறுபக்கம் 1982ல் திறக்கப்பட்ட தேக்கா நிலையமும் அதனுடன் சேர்ந்த வீவக அடுக்குமாடிகளும். தெரு ஒன்றுதான். ஆனால் அதன் இரண்டு ஓரங்களும் இரண்டு வேறு ஊர்களைப் போல நடந்துகொள்கின்றன.

கணக்கு எளிது. ஒரு கடைவீட்டின் முகப்பு பொதுவாகப் பதினாறு முதல் இருபது அடி வரை, அதாவது ஏறக்குறைய 5 மீட்டர். அப்படியானால் 100 மீட்டர் நடந்தால் ஒரு பக்கத்தில் மட்டும் 20 வாசல்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டு மெதுவாக நடப்பவர் விநாடிக்கு ஒரு மீட்டர் போகிறார் என்று வைத்துக்கொண்டால், ஐந்து விநாடிக்கு ஒரு புதுக் கடை எதிர்ப்படும். ஒவ்வொன்றிலும் வேறொரு முதலாளி, வேறு சாமான், வேறு வாசனை, "என்னம்மா வேணும்?" என்று கேட்கும் வேறொரு குரல். எதிர்ப்பக்கத்துச் சந்தைக்குள்ளும் கடைகள் ஏராளம். அவை இன்னும் சிறியவை. கூட்டத்துக்கும் குறைவில்லை. ஆனால் அந்தக் கடைகள் உள்ளே பார்த்து நிற்கின்றன. தெருவுக்கு மிஞ்சுவது சில நுழைவாயில்களும் நீண்ட சுவரும்தான். சந்தையின் உயிர் சந்தைக்குள் இருக்கிறது. தெருவின் உயிர் எதிர்வரிசையில் இருக்கிறது.

அந்த ஐந்து மீட்டர் எங்கிருந்து வந்தது? மரத்திலிருந்து. கடைவீடு ஒன்றை அடுத்த வீட்டிலிருந்து பிரிப்பது இருவருக்கும் பொதுவான செங்கல் சுவர். பாரம் முழுவதையும் அதுதான் தாங்குகிறது. ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு மர உத்தரங்களைப் போட்டு அவற்றின் மேல் மேல்மாடித் தளத்தை அமைத்தார்கள். நடுவில் தூண் இல்லாமல் ஓர் உத்தரம் வளையாமல் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவுதான் வீட்டின் அகலம். பக்கவாட்டில் விரிய முடியாத வீடு பின்னோக்கி நீண்டது. அகலத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். நடுவீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் வர, கூரையைத் திறந்து ஒரு முற்றம் விட்டார்கள். தோட்டத்து லயத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு முற்றிலும் புதிதல்ல. அங்கும் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குறுகிய வீடுகள், பொதுச் சுவர்கள்தான். கடைவீட்டில் வாசல் தெருவைப் பார்க்கிறது, தெருவில் காசு நடமாடுகிறது, வித்தியாசம் அங்கேதான்.

குறுகிய மனைக்கு இன்னொரு பலனும் உண்டு. முதல் குறைவாக இருப்பவரும் நுழையலாம். ஒரு கடை நொடித்தாலும் அந்த ஐந்து மீட்டர்தான் இருளும், தெரு இருளாது. ஒரே முதலாளியிடம் இருக்கும் 50 மீட்டர் முகப்பு மூடப்பட்டால் அந்தப் பக்கமே செத்துவிடும்.

கடைக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் மூடிய நடைபாதையை நம்மவர்கள் 'அஞ்சடி' என்பார்கள். 1822ல் ராஃபிள்ஸ் நகரக் குழுவுக்கு எழுதிய கட்டளைகளில், ஒவ்வொரு வீடும் முன்புறம் இப்படி ஒரு தாழ்வாரத்தை விட வேண்டும், அவை ஒன்றோடொன்று தொடர்ந்து எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று விதித்தார். பெயர்தான் அஞ்சடி, பல இடங்களில் அதைவிட அகலம் கூடுதல். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரில் இதன் அருமை நடுப்பகலில் தெரியும். சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும்போது எவ்வளவு உயரமான சுவரும் தெருவுக்கு நிழல் தராது. அப்போது அஞ்சடி மட்டும்தான் நிழல். மழைக்கும் அதுவே குடை.

மாலையில் கதை மாறும். நான்கு மணி வாக்கில் சிங்கப்பூரில் சூரியன் ஏறத்தாழ 45 பாகையில் சாய்ந்திருக்கும். அந்தக் கோணத்தில் 10 மீட்டர் உயரச் சுவரின் நிழல் 10 மீட்டர் நீளும். இரண்டு மூன்று மாடிக் கடைவீடுகளின் உயரமும் அவற்றுக்கு நடுவில் உள்ள சந்தின் அகலமும் கிட்டத்தட்ட சமமாக இருந்தால், வெயிலுக்குக் குறுக்கே ஓடும் சந்து முழுவதும் அந்நேரத்தில் நிழலாகிவிடும். கேம்பல் லேன், டன்லப் ஸ்திரீட் போன்ற இடங்களில் மாலை நடை சுகமாக இருப்பதற்கு இந்தச் சமன் முக்கியக் காரணம். சிராங்கூன் சாலையோ ஆதியில் ஊருக்கு வெளியே போகும் நெடுஞ்சாலை. அது அகலம், பேருந்துகள் ஓடுகின்றன. அதே உயரக் கட்டடங்கள் அங்கே இன்னும் தாழ்வாகத் தெரிகின்றன. எதிர்வரிசையில் நிற்பவரின் முகத்தைச் சந்தில் அடையாளம் காணலாம், கூப்பிடலாம். சாலையில் வண்டிச் சத்தம் அந்தக் குரலை விழுங்கிவிடும்.

உயரத்துக்கும் இதே விதிதான். இரண்டாம் மாடிச் சன்னலில் இருப்பவர் கீழே போகிறவருடன் பேசலாம். டென்மார்க்கின் நகர வடிவமைப்பாளர் யான் கெல், ஐந்தாம் மாடிக்கு மேல் தெருவுடனான தொடர்பு அறுந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறார். கோயில் கோபுரத்தையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். வீரமாகாளியம்மன் கோயில் கோபுரமும் பெருமாள் கோயில் ராஜகோபுரமும் தூரத்திலிருந்து கண்ணில் படுவது அவற்றின் உயரத்தால் மட்டுமல்ல. சுற்றியிருக்கும் கூரைகள் தாழ்ந்திருப்பதாலும்தான். சுற்றிலும் பத்து மாடி, அதாவது 30 மீட்டர் எழுந்துவிட்டால், அதே கோபுரம் பக்கத்தில் போனால்தான் தெரியும்.

இவ்வளவு சொன்னதும் அந்தக் காலமே பொற்காலம் என்று நினைத்துவிடக் கூடாது. குறுகி நீண்ட அதே வீடு ஏழைகளை வதைத்தது. வாடகைக்காக உள்ளே மரப் பலகைகளால் அறை அறையாகத் தடுத்தார்கள். நடு அறைகளுக்குச் சன்னலே கிடையாது. முதுகோடு முதுகாக ஒட்டியிருந்த வரிசைகளில் கழிவை வெளியேற்ற வழியும் இல்லை. நகரின் சுகாதார நிலையை ஆராய்ந்த சிம்சன் 1907ல் தந்த அறிக்கையில் பின்சந்துகளை வெட்டித் திறக்கச் சொன்னார். காசநோய்க்கு அந்த இருட்டறைகள் எவ்வளவு துணைபோயின என்பது அப்போது பேசப்பட்டது. 1927ல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு வாரியத்தின் தொடக்க காலப் பணிகளில் பின்சந்து வேலையும் ஒன்று. இன்று சுவரோவியங்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளும் பின்சந்துகள் பல, நோய்க்குப் பயந்து வீடுகளின் பின்பக்கத்தைச் செதுக்கியதால் பிறந்தவை.

1989 ஜூலை 7ஆம் தேதி லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அரசிதழில் வெளியானது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகள் எல்லாப் பாதுகாப்பு வட்டாரங்களுக்கும் ஒரே மாதிரி இல்லை. சில இடங்களில் கடைவீட்டின் முன்பகுதியைக் காத்து, பின்னால் உயரமாகக் கட்ட இடம் உண்டு. லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ ஆகிய வரலாற்று வட்டாரங்களில் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தை முழுமையாகப் பழுதுபார்த்து வைத்திருக்க வேண்டும். கூரை, முற்றம், பொதுச் சுவர், முகப்பு எல்லாம் இதில் அடங்கும். ஆக, மூன்று அளவுகளில் உயரமும் தெருவின் அகலமும் பத்திரமாகவே இருக்கின்றன.

மூன்றாவதுதான் நழுவக்கூடியது. சட்டம் கல்லைக் காக்கும். கல்லாவில் யார் உட்கார்வது என்பதைத் தீர்மானிப்பது வாடகை. 1947ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001ல் முற்றாக நீக்கப்பட்டது. அந்தச் சட்டத்தால் பல கட்டடங்கள் பராமரிப்பின்றிச் சீரழிந்தன என்பது உண்மை. சிறு வியாபாரிகள் தலைமுறையாக அதே இடத்தில் நிற்க முடிந்ததும் அதனால்தான். இன்று வாடகை ஏறும்போது முதலில் போவது மாவு மில், பூக்கட்டுபவர், மசாலை அரைப்பவர் போன்ற குறைந்த இலாபத் தொழில்கள். அந்த இடத்துக்கு வருபவர் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்தால், வெளியே இரண்டு முகப்புகள், உள்ளே ஒரே கடை என்றாகிவிடும்.

இதை வழிப்போக்கர்கூடக் கண்டுபிடிக்கலாம். மேலே மாடிச் சன்னல்களைப் பார்த்து எத்தனை வீடுகள் என்று எண்ணுங்கள். பிறகு கீழே, மக்கள் நுழையக்கூடிய வாசல்களை எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த வரிசை நலம். மேலே பத்து, கீழே நான்கு என்றால் மனை அமைப்பு வரைபடத்தில் மட்டுமே மிச்சம். மூடிய கண்ணாடி, அஞ்சடியில் சாமான் இல்லாமை, வாசலில் ஆள் இல்லாமை எல்லாம் அதே நோயின் அறிகுறிகள். அஞ்சடியில் சாமான் பரப்பினால் அபராதம் உண்டு, நடப்பவருக்கும் இடைஞ்சல்தான். ஆனால் வாழைத்தார் தொங்கும் தூணைப் பார்த்துச் சலித்துக்கொள்பவரே அது இல்லாத தெருவை 'டல்' என்றும் சொல்வார்.

பழைய தேக்கா சந்தை 1915 முதல் இருந்த மூலையில் 2003ல் தேக்கா மால் என்ற பேரங்காடி திறந்தது. பிறகு 'தி வெர்ஜ்' என்று பெயர் மாறியது. அதன் பிறகு கட்டடமே இடிக்கப்பட்டு, இப்போது அங்கே தேக்கா பிளேஸ் நிற்கிறது. அதே சிராங்கூன் சாலையில், இந்து அறக்கட்டளை வாரியத்துக்குச் சொந்தமான பழைய கடைவீட்டுத் தொகுதியில் லிட்டில் இந்தியா ஆர்கேட் இயங்குகிறது. பேரங்காடிக்கு நேர்ந்ததற்கு நிர்வாகம், வாடகை, காலம் எனக் காரணங்கள் பல இருந்திருக்கும். கடைவீட்டுத் தொகுதியில் இன்றும் அடுத்தடுத்து ஐந்து மீட்டருக்கு ஒரு கடை, ஐந்து மீட்டருக்கு ஒரு கல்லா.