அந்த ஒரு வரி வேணுங்களா?

கோவைப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியின் சர்வீஸ் பிரிவை நான் பார்த்துக்கொண்டிருந்த காலம். டீலர்களிடமிருந்து வரும் புகார்களை வாங்கி, மெக்கானிக்குகளை அனுப்பிவைக்கும் கோ-ஆர்டினேட்டர் ஒருவர் நான்கு வருடம் என்னிடம் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்குக் கிளம்பினார். அங்கே மருத்துவமனைக் கருவிகள் விற்கும் ஒரு கம்பெனியில் இதே மாதிரி வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தார். நோட்டீஸ் பீரியடில் பத்து நாள் மீதி இருக்கும்போது, “சார், நீங்க ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க” என்றார்.

பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். கடின உழைப்பாளி, பொறுமைசாலி, எல்லோரிடமும் இனிமையாகப் பழகுபவர், கொடுத்த வேலையைச் சிரத்தையுடன் முடிப்பவர், எங்கு சென்றாலும் சிறப்பாகச் செயல்படுவார் என்று நம்புகிறேன், இப்படிக்கு. கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை படித்தபோதுதான் உறைத்தது. பெயரை மாற்றினால் அதே கடிதத்தை எங்கள் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் கொடுக்கலாம். அவரும் பொறுமைசாலிதான். அவர் நான்கு வருடம் என்ன செய்தார் என்பது அந்தத் தாளில் எங்குமே இல்லை.

வேலையை விட்டுப் போகிறவருக்குக் கம்பெனி கொடுக்கிற காகிதங்கள் வேறு. ரிலீவிங் லெட்டர், இவர் முறைப்படி விடுவிக்கப்பட்டார் என்கிறது. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்ன பதவியில் இருந்தார் என்கிறது. இரண்டையும் ஹெச்.ஆர். பார்த்துக்கொள்வார்கள், ஆளுக்கு ஆள் பெயரும் தேதியும் மட்டுமே மாறும். மேலாளர் எழுதும் பரிந்துரைக் கடிதம் அந்த ஜாதி அல்ல. பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் கொடுக்கும் சாட்சியம் அது. சாட்சிக் கூண்டில் ஏறி ‘அவர் நல்லவர்’ என்று மட்டும் சொல்லி இறங்கினால் வக்கீல் சும்மா விடுவாரா?

புகழ்ச்சி மட்டுமே எழுதலாம் என்றாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஜெர்மனியைப் பார்க்கலாம். அங்கே வேலையை விடுகிற ஒவ்வொருவருக்கும் எழுத்துப்பூர்வமான நற்சான்று கேட்டு வாங்கும் உரிமை சட்டத்திலேயே உண்டு. அது உண்மையாக இருக்க வேண்டும், அதே சமயம் அந்த ஆளின் அடுத்த வேலையைக் கெடுக்காத நல்லெண்ணத்தோடும் இருக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் வகுத்த நெறி. இரண்டையும் ஒன்றாகச் சுமக்க முடியாத முதலாளிகள் ஒரு தனி பாஷையையே உண்டாக்கிவிட்டார்கள். ‘எப்போதும் எங்களுக்கு மிக முழுமையான திருப்தி தரும்படி வேலை செய்தார்’ என்றால் முதல் தரம். அதில் ‘எப்போதும்’ போய், ‘மிக’வும் போய், வெறும் ‘முழுமையான திருப்தி’ என்று நின்றால் நடுத்தரம். ‘முழுமையான’ என்பதும் விழுந்து ‘திருப்தி’ மட்டும் மிஞ்சினால், ஏதோ தேறினார். ‘முயற்சி செய்தார்’ என்று எழுதியிருந்தால், பாவம், ஒன்றும் நடக்கவில்லை. படிப்பவருக்கு எல்லாமே பாராட்டாகத் தெரியும். விஷயம் தெரிந்தவர் மதிப்பெண் பட்டியலாக வாசிப்பார். ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்த்த பெண், தன் சான்றில் அந்த ‘எப்போதும்’ வேண்டும் என்று வழக்குப் போட்டு, அது நாட்டின் உச்சத் தொழிலாளர் நீதிமன்றம்வரை போனது. நடுத்தரத்துக்கு மேல் கேட்கிறவர்தான் அதற்குத் தகுதியானவர் என்று நிரூபிக்க வேண்டும் என்று 2014இல் அந்த நீதிமன்றம் சொன்னது. இத்தனைக்கும், மறைபொருள் வைத்து எழுதக்கூடாது என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவும் இருக்கிறது.

நம் ஊரில் இப்படிச் சங்கேதம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே புகழ்ச்சி. அதனால்தான் ஆள் எடுக்கிறவர்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு போன் போடுகிறார்கள்.

முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் அவரை உட்காரவைத்து இரண்டு கேள்விகள் கேட்டேன். புது இடத்தில் உன் வேலை என்ன? இங்கே செய்ததில் உனக்கே பெருமையாகத் தோன்றுவது எது? முதல் கேள்வி முக்கியம். அவர் எக்ஸெல் ஷீட்டில் வண்ணம் வண்ணமாக அறிக்கை போடுவார், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் மருத்துவமனையிலிருந்து ‘மெஷின் நின்றுபோச்சு’ என்று போன் வரும் இடத்துக்குப் போகிறவருக்கு அது பெரிய சாட்சியம் இல்லை. இரண்டாவது கேள்விக்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதிவிடவில்லை. சர்வீஸ் ரிஜிஸ்டரை எடுத்து, நானே கண்ணால் பார்த்ததோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தேன்.

அப்படிக் கிடைத்ததுதான் மோட்டார் விஷயம். கோடை வந்தால் எங்களுக்கு ‘மோட்டார் எரிஞ்சுபோச்சு’ என்ற புகார் குவியும். டீலர் கம்பெனி மேல் பழி போடுவார், நாங்கள் மெக்கானிக்கை அனுப்புவோம். நீர்மூழ்கி மோட்டாரைப் போரிலிருந்து மேலே எடுக்க ஆளும் வண்டியும் வேண்டும். ஒரு நாள் அதிலேயே போய்விடும். எடுத்துப் பார்த்தால் பல சமயம் தண்ணீர் மட்டம் பம்புக்குக் கீழே இறங்கி, வெறுமனே ஓடிச் சூடேறியிருக்கும். இல்லையென்றால் மூன்று பேஸில் ஒன்று போயிருக்கும். அப்படி ஓடிய மோட்டாரில் காயில் ஒரே சீராகக் கருகியிருக்காது. இந்தப் பெண் ஒரு கோடை முழுக்கப் பார்த்துவிட்டு, மெக்கானிக் கிளம்புமுன் போனிலேயே கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை ஒரு சீட்டில் எழுதினார். பம்ப் எத்தனை அடியில் இறங்கியிருக்கிறது, இப்போது தண்ணீர் எத்தனை அடியில், பேனல் போர்டில் வோல்ட் எவ்வளவு காட்டுகிறது, இந்த மாதிரி. யாரும் சொல்லிச் செய்ததல்ல. அடுத்த கோடையில் வெறும் பயணங்கள் பாதியாகக் குறைந்தன.

இதை என் முதல் கடிதம் ‘கடின உழைப்பாளி’ என்ற ஒற்றைச் சொல்லில் மூடி வைத்திருந்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ஏனென்றால் இதையே ஓர் ஆண் செய்திருந்தால் ‘சிக்கலைக் கண்டுபிடித்துத் தீர்த்தவர்’ என்றுதான் எழுதியிருப்பேன். இது என் ஒருவனுடைய வியாதி இல்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு வந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களைப் படித்து, ஃபிரான்சிஸ் டிரிக்ஸ், கரோலின் செங்கா என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் எழுதினார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியில் சின்னவை; உழைப்பைப் பற்றிய அடைமொழிகளும், சந்தேகத்தைக் கிளப்பும் வாக்கியங்களும் அவற்றில் கூடுதல். ஆண்களுக்கான கடிதங்கள் அவர்களின் ஆராய்ச்சியைப் பேசின.

இரண்டாவது கடிதத்தின் சாரம் இதுதான்:

“நான்கு ஆண்டுகள் இவர் நேரடியாக என் கீழ் வேலை பார்த்தார், தினமும் இவர் வேலையைப் பார்த்து எழுதுகிறேன். கோடைக்காலத்தில் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது புகார் அழைப்புகளைத் தனியாகக் கையாள்வார். மெக்கானிக்கை அனுப்புமுன் கேட்க வேண்டிய கேள்விகளைத் தானே தொகுத்து, அதனால் வீண் பயணங்களைப் பாதியாகக் குறைத்தார். அந்தச் சீட்டை இன்றும் பயன்படுத்துகிறோம். கோபத்தோடு பேசும் டீலரிடமும் தேவையான விவரத்தை வாங்காமல் போனை வைக்க மாட்டார். ஒரு குறையும் சொல்ல வேண்டும். கடினமான புகாரைத் தானே தீர்த்துவிடலாம் என்று கையில் வைத்துக்கொள்வார். இரண்டாம் ஆண்டில் ஒரு புகார் இப்படிப் பதினைந்து நாள் என் காதுக்கு வராமல் கிடந்தது. அதன்பின் வாரம் ஒருமுறை நிலுவைப் பட்டியலை இருவரும் சேர்ந்து பார்த்தோம், அது திரும்ப நடக்கவில்லை. புகார்களை நேரடியாகக் கையாளும் வேலைக்கு இவரைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஆட்களை நிர்வகிக்கும் பொறுப்பு இங்கே இவருக்கு வரவில்லை, அதைப் பற்றி நான் சொல்ல முடியாது.”

கடைசி வாக்கியத்தை எழுத யோசித்தேன். ‘தலைமைப் பண்பு மிக்கவர்’ என்று ஒரு வார்த்தை போட்டால் யாருக்கு நஷ்டம்? ஆனால் நான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னால், பார்த்ததாகச் சொன்ன மற்றதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். சம்பளம், எடுத்த லீவு, உடல்நிலை எதையும் எழுதவில்லை. கணவருக்குச் சென்னைக்கு மாற்றல் ஆனதால்தான் போகிறார் என்பதும் கடிதத்தில் இல்லை. அது அவர் விரும்பினால் சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம். தேதிகளை ஹெச்.ஆரிடம் ஒப்பிட்டுக்கொண்டேன், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் ஒரு தேதியும் இதில் வேறொரு தேதியும் இருந்தால் போச்சு.

கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். குறையைச் சொல்லும் இடத்தில் விரலை வைத்து, “ஏனுங்க சார், இந்த ஒரு வரி வேணுங்களா?” என்றார். நியாயமான கேள்விதான். குறையை எழுத நான் மூன்று சோதனை வைத்திருக்கிறேன்: அது வேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும், நானே பார்த்ததாக இருக்க வேண்டும், வேலையில் இருந்தபோதே முகத்துக்கு நேரே சொன்னதாக இருக்க வேண்டும். மூன்றாவதில் தோற்றால் அது கடிதத்தில் வரக்கூடாது. போகும்போது முதுகில் குத்துவதாகிவிடும். இது மூன்றிலும் தேறியிருந்தது. “அன்னைக்கே உன்கிட்ட சொன்னதுதானேம்மா. நீ வேண்டாம்னா எடுத்துடறேன், ஆனா அவங்க போன்ல கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இருக்கட்டுமுங்க” என்றார்.

எல்லோருக்கும் இப்படி எழுதித் தர முடியாது. இன்னொருவர் கேட்டபோது, உட்கார்ந்து யோசித்தும் நல்லதாகச் சொல்ல எனக்கு ஒரு சம்பவம்கூட அகப்படவில்லை. “நான் எழுதினா உங்களுக்கு உதவாதுங்க, வேற யாரையாவது கேளுங்க” என்று சொல்லிவிட்டேன். முகம் கறுத்தார். ‘நானே டைப் பண்ணிட்டு வர்றேன், கையெழுத்து மட்டும் போடுங்க’ என்பவர்களும் உண்டு. அவர்கள் கொண்டுவரும் தாளில் சம்பவங்களை மட்டும் எடுத்துக்கொள்வேன், அடைமொழிகளை விட்டுவிடுவேன். பெரும்பாலும் அரைப் பக்கம் காலியாகிவிடும்.

மூன்று வாரம் கழித்துச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. அந்த மேலாளர் புகழ்ச்சியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“அந்தப் பதினஞ்சு நாள் விஷயம் எழுதியிருக்கீங்களே, இப்ப எப்படி?”

“ரெண்டு வருஷமா நடக்கலைங்க. ஆனா வாரம் ஒருக்கா பெண்டிங் லிஸ்ட்டை அவங்களோட உட்கார்ந்து பாருங்க.”

“நீங்க என்னைக்குப் பார்ப்பீங்க?”

“சனிக்கிழமை காலைல.”

“எங்களுக்குச் சனிக்கிழமை லீவு சார்.”

“அப்ப வெள்ளிக்கிழமை வெச்சுக்குங்க” என்றேன்.